சிக்கனக்காரரும் கஞ்சனும் ஒருவரல்ல

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் அறைக்குள் போனால் சுவரிலோ நோட்டிலோ ஒரு பட்டியல் கட்டாயம் இருக்கும். இடதுபக்கம் ஆங்கிலச் சொல், வலதுபக்கம் அதன் தமிழ்ப் பொருள். ஒரு நாளைக்கு ஐம்பது என்று கணக்கு வைத்து மனப்பாடம் செய்வார்கள். தேர்வு அறையில் அந்தச் சொல் வரவும் செய்யும். ஆனால் நான்கு விடைகளில் இரண்டு ஒன்றுபோலவே தெரியும். 'இந்தச் சொல்லை நான் படித்திருக்கிறேனே' என்ற தவிப்போடு ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள்.

எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். தேர்வை எடுத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் மொத்தம் 100 கேள்விகள், நேரம் 60 நிமிடம். அதில் 25 கேள்விகள் ஆங்கிலம். சரியான விடைக்கு 2 மதிப்பெண். தவறானால் அரை மதிப்பெண் போய்விடும். இரண்டாம் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 45 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண், தவறுக்கு 1 மதிப்பெண் இழப்பு. சினோனிம், ஆன்டோனிம், ஒன் வேர்டு சப்ஸ்டிட்யூட் ஆகிய மூன்றும் இந்தப் பகுதியில் தவறாமல் வருபவை. சொல் தெரிந்தால் பத்து விநாடியில் முடியும் கேள்விகள் இவை. இவற்றில் மிச்சமாகும் நேரம்தான் கணக்குப் பகுதிக்குக் கைகொடுக்கும்.

பட்டியல் ஏன் காலை வாருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கேள்வி எப்படித் தயாராகிறது என்று பார்க்க வேண்டும். 'ஃப்ரூகல்' என்ற சொல்லுக்கு சினோனிம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கொடுக்கும் விடைகள்: 'த்ரிஃப்டி', 'ஸ்டிஞ்சி', 'லாவிஷ்', 'ஃப்ராஜைல்'. சரியான விடை 'த்ரிஃப்டி'. மற்ற மூன்றும் சும்மா வைத்தவை அல்ல. 'ஃப்ராஜைல்' எழுத்தில் 'ஃப்ரூகல்' மாதிரித் தோன்றும். அதன் பொருளோ எளிதில் உடையக்கூடியது. 'லாவிஷ்' நேர் எதிர்ச்சொல். கேட்டது சினோனிமா ஆன்டோனிமா என்று அவசரத்தில் சரியாகப் பார்க்காதவர்களுக்கு வைத்த பொறி. கடைசிப் பொறிதான் பெரியது. 'ஸ்டிஞ்சி'யும் பணத்தைச் செலவழிக்காதவரைத்தான் குறிக்கிறது.

பட்டியலில் 'ஃப்ரூகல்' என்பதற்கு எதிரே 'செலவைக் குறைப்பவர்' என்றிருக்கும். 'ஸ்டிஞ்சி'க்கு எதிரேயும் ஏறக்குறைய அதையே எழுதியிருப்பார்கள். அதைப் படித்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். வாக்கியத்தில் பார்த்தவருக்கு அப்படி இல்லை. நல்ல சம்பளம் வாங்கியும் பகட்டில்லாமல் வாழ்ந்து, மிச்சம் பிடித்த பணத்தில் மூன்று பிள்ளைகளையும் கல்லூரிக்கு அனுப்பிய அப்பாவை 'ஃப்ரூகல்' என்பார்கள். பெற்ற தாய்க்கு மாத்திரை வாங்கவே கணக்குப் பார்க்கிற மகனை 'ஸ்டிஞ்சி' அல்லது 'மைசர்லி' என்பார்கள். முன்னவர் சிக்கனக்காரர், பின்னவர் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். தமிழில் இந்த இரண்டு பேரையும் நாம் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை. ஒரு சொல்லில் பாராட்டு இருக்கிறது, இன்னொன்றில் வசை இருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். பட்டியல் பொருளைத் தருகிறது. பாராட்டா வசையா என்பதை விட்டுவிடுகிறது.

இதே குடும்பத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 'பார்சிமோனியஸ்' என்பது எழுத்து நடையில் வரும் சொல். கஞ்சத்தனத்தின் பக்கம் நிற்பது. 'எகனாமிகல்' மனிதரை மட்டுமல்ல, பொருளையும் குறிக்கும். குறைந்த பெட்ரோலில் அதிக தூரம் ஓடும் வண்டியை 'எகனாமிகல்' என்று சொல்லலாம், 'ஸ்டிஞ்சி' என்று சொல்ல முடியாது. எதிர்ப்பக்கத்தில் 'லாவிஷ்', 'எக்ஸ்ட்ராவகன்ட்', 'பிராடிகல்' ஆகியவை நிற்கின்றன. கல்யாண விருந்து 'லாவிஷ்' என்றால் தாராளம் என்று பொருள். அதைப் பாராட்டாகவும் சொல்லலாம். 'எக்ஸ்ட்ராவகன்ட்' என்றால் தகுதிக்கு மீறிய செலவு என்ற குறை அதில் ஒட்டிக்கொள்கிறது. 'பிராடிகல்' சொத்தையே கரைத்துவிடும் ஊதாரி. பைபிளில் தகப்பனிடம் பங்கு வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பிவரும் மகனின் கதையோடு ஒட்டிப்போன சொல் இது. அதனாலேயே 'பிராடிகல்' என்றால் 'திரும்பி வந்தவன்' என்று தவறாக நினைப்பவர்கள் உண்டு. அவன் ஊதாரி என்பதால்தான் அந்தப் பெயர்.

ஒன் வேர்டு சப்ஸ்டிட்யூட் பகுதியில் இதே குடும்பம் இன்னொரு முகத்தோடு வரும். 'பணத்தை வீணாகச் செலவழிப்பவர்' என்று விளக்கம் கொடுத்து ஒரு சொல் கேட்பார்கள். விடை 'ஸ்பெண்ட்த்ரிஃப்ட்'. 'த்ரிஃப்ட்' என்றால் சிக்கனம் என்று பட்டியலில் படித்தவர், இதுவும் சிக்கனக்காரராகத்தான் இருக்கும் என்று ஒதுக்கிவிடுவார். இங்கே 'த்ரிஃப்ட்' என்பது சேர்த்துவைத்த செல்வம். அதைச் செலவழித்துத் தீர்ப்பவர் 'ஸ்பெண்ட்த்ரிஃப்ட்'. ஆக, பணம் என்கிற ஒரே விஷயத்தைச் சுற்றி எட்டு ஒன்பது சொற்களை இரண்டு மூன்று மனிதர்களின் கதையாகப் பார்த்துவிட்டால், மூன்று வகைக் கேள்விகளுக்கும் சேர்த்துப் படித்தாகிவிட்டது.

அடுத்த சிக்கல், ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருப்பது. சில கேள்விகளில் சொல் தனியாக வரும்; சிலவற்றில் ஒரு வாக்கியத்துக்குள் அடிக்கோடிட்டு வரும். வாக்கியம் இருந்தால் அங்கே என்ன பொருளோ அதற்குத்தான் விடை. நமக்கு நன்றாகப் பழகிய 'சாங்ஷன்' என்ற சொல்லைப் பாருங்கள். 'லோன் சாங்ஷன் ஆகிவிட்டது' என்று டீக்கடையில்கூடப் பேசுகிறோம். அங்கே அதன் பொருள் அனுமதி, ஒப்புதல். ஆனால் 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் மேற்கு நாடுகள் ரஷ்யா மீது விதித்தவையும் 'சாங்ஷன்ஸ்'தான். அங்கே பொருள் தடை, தண்டனை. ஒரே சொல் அனுமதியாகவும் தடையாகவும் இருக்கிறது!

இதை எப்படிப் பிரித்து அறிவது? பக்கத்தில் இருக்கும் சொற்கள் சொல்லிவிடும். தடை என்ற பொருளில் வரும்போது பெரும்பாலும் பன்மையில் வரும். முன்னால் 'இம்போஸ்' அல்லது 'லிஃப்ட்' என்ற வினை இருக்கும். பின்னால் 'ஆன்' போட்டு ஒரு நாட்டின் பெயர் வரும். அனுமதி என்ற பொருளில் வரும்போது நிதி, திட்டம், பணியிடம், கடன் ஆகியவை சுற்றி நிற்கும். ஓர் அமைச்சர் மீது வழக்குத் தொடர ஆளுநர் 'சாங்ஷன்' தந்தார் என்ற செய்தியைப் படித்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வழக்கு, குற்றச்சாட்டு என்று சூழல் கடுமையாக இருப்பதால் தண்டனை என்று தோன்றும். உண்மையில் அங்கேயும் பொருள் அனுமதிதான். இந்த வாக்கியத்தில் ஆன்டோனிம் கேட்டால் 'மறுப்பு' என்ற பொருள் தரும் 'ரெஃப்யூசல்' போன்ற சொல்லைத் தேட வேண்டும்.

'டெண்டர்' இன்னொரு சொல். பொதுப்பணித் துறை டெண்டர் விடுவது நமக்குத் தெரியும். தள்ளுவண்டியில் 'டெண்டர் கோகனட்' என்று எழுதியிருந்தால் இளநீர். 2016 நவம்பர் 8 இரவில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் இனி 'லீகல் டெண்டர்' அல்ல என்று அறிவித்தார்கள். அங்கே அது சட்டப்படி செல்லும் பணம். அமைச்சர் ராஜினாமாவை 'டெண்டர்' செய்தார் என்றால் முறைப்படி கொடுத்தார். பட்டியலில் 'டெண்டர்: மென்மையான' என்று ஒரு வரி மட்டும் படித்தவர், ராஜினாமா வாக்கியத்தைப் பார்த்ததும் திகைத்துப்போவார். செய்தித்தாள் படிப்பவருக்கு நான்கும் ஏற்கெனவே பழக்கம்.

ஆன்டோனிம் கேள்விகளில் பலர் கோட்டைவிடும் இடம் சொல்லின் முன்னால் ஒட்டும் 'இன்' என்ற துணுக்கு. 'கரெக்ட்' என்பதற்கு எதிர்ச்சொல் 'இன்கரெக்ட்' என்பதால், 'இன்' வந்தாலே எதிர்ச்சொல் என்று மனம் பழகிவிடுகிறது. ஆனால் பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று சிவப்பில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தீப்பற்றாது என்பதற்கா அந்த எச்சரிக்கை? 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுக்கும் ஒரே பொருள்தான், எளிதில் தீப்பற்றுவது. எதிர்ச்சொல் வேண்டுமானால் 'நான்-ஃப்ளேமபிள்' என்று சொல்ல வேண்டும். அதேபோல ஒருவருடைய சேவையை 'இன்வால்யுவபிள்' என்று இரங்கல் செய்தியில் எழுதுகிறார்கள். மதிப்பில்லாத சேவை என்றா எழுதுவார்கள்? விலைமதிக்க முடியாதது என்று பொருள், எதிர்ச்சொல் 'வொர்த்லெஸ்'. 'இன்ஃபேமஸ்' புகழில்லாதவர் அல்ல. கெட்ட பெயரால் ஊரறிந்தவர். 'இன்டிஃபரன்ட்' வேறுபடாதவர் அல்ல. எது நடந்தாலும் அக்கறை காட்டாதவர். அவருக்கு எதிர்ப்பதம் 'கன்சர்ன்ட்'. இந்த நான்கையும் விதியாகப் படித்தால் மறக்கும். டேங்கர் லாரியையும் இரங்கல் செய்தியையும் ஒருமுறை கவனித்துவிட்டால் மறக்காது.

இனி ஒன் வேர்டு சப்ஸ்டிட்யூட். இந்தப் பகுதியில் ஒரே இனத்துச் சொற்களை விடைகளாக அடுக்கிவைப்பார்கள். மரணத்தைச் சுற்றிய சொற்கள் இதில் அடிக்கடி வருபவை: 'ஆபிச்சுவரி', 'யூலஜி', 'எலெஜி', 'எபிடாஃப்', 'பாஸ்துமஸ்'. நடுவில் இருக்கும் மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால், வரிசையாக மனப்பாடம் செய்தவருக்கு ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். அகர வரிசையை விட்டுவிட்டு, நடக்கும் வரிசையில் வைத்துப் பாருங்கள்.

1969 பிப்ரவரி 3-ல் முதலமைச்சர் அண்ணா மறைந்தார். அப்படி ஒரு தலைவர் மறைந்தால் மறுநாள் பத்திரிகையில் அவர் வாழ்க்கையைச் சொல்லி வரும் மரணச் செய்தி 'ஆபிச்சுவரி'. உடலைச் சுமந்து நகரும் இறுதி ஊர்வலம் 'கார்டெஜ்'. இரங்கல் கூட்டத்தில் அவர் பெருமையைச் சொல்லி ஒருவர் பேசுவது 'யூலஜி'. அண்ணாவுக்காகக் கருணாநிதி எழுதி வானொலியில் வாசித்த இரங்கற்பா பலருக்கு நினைவிருக்கும். அந்த வகைக் கவிதை 'எலெஜி'. மெரினாவில் அவர் கல்லறையில் பொறித்திருக்கும் வாசகம் 'எபிடாஃப்'. ஆக, பேசினால் 'யூலஜி', பாடினால் 'எலெஜி', கல்லில் பொறித்தால் 'எபிடாஃப்'. கடைசியாக 'பாஸ்துமஸ்'. காமராஜர் 1975 அக்டோபர் 2-ல் காலமானார். பாரத ரத்னா 1976-ல் வந்தது. மறைவுக்குப் பின் வழங்கப்பட்ட அந்த விருதுக்கு அடைமொழி 'பாஸ்துமஸ்'. இது பெயர்ச்சொல் அல்ல, அடைச்சொல் என்பதையும் அந்த ஒரு உதாரணமே காட்டிவிடுகிறது.

இந்த வகைக் கேள்வியில் விளக்கத்தின் முதல் சொல்லைக் கவனிக்கத் தவறுவதும் மதிப்பெண்ணைப் பறிக்கும். ஆளைக் கேட்கிறார்களா, இடத்தைக் கேட்கிறார்களா, துறையைக் கேட்கிறார்களா என்பது அங்கேதான் இருக்கிறது. பறவைகளைப் பற்றிய படிப்பு 'ஆர்னித்தாலஜி'. அந்தப் படிப்பில் வாழ்க்கையைச் செலவிட்ட சாலிம் அலி 'ஆர்னித்தாலஜிஸ்ட்'. பறவைகளை அடைத்து வளர்க்கும் இடம் 'ஏவியரி'. வண்டலூர் உயிரியல் பூங்காவில் கூண்டுக்குள் நாமே நடந்துபோய்ப் பார்ப்பது 'ஏவியரி'. பறவைகள் தாமாக வந்து கூடு கட்டிப் போகும் வேடந்தாங்கல் அது அல்ல, 'சாங்சுவரி'. 'ஏவியரி'க்குப் பக்கத்திலேயே 'ஏபியரி' என்ற விடையையும் வைத்திருப்பார்கள். அது தேனீப் பெட்டிகள் வைத்து வளர்க்கும் இடம். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பார்க்கலாம். நான்கு விடைகளும் பறவையைச் சுற்றியே இருந்தாலும், 'எ பிளேஸ்' என்று விளக்கம் தொடங்கினால் ஆளும் துறையும் உடனே கழிந்துவிடும். மிஞ்சுவது இரண்டு. அந்த நிலையில் சந்தேகம் இருந்தாலும் விடையளிப்பதே லாபம். முதல் கட்டத்தில் சரியானால் 2 கிடைக்கும், தவறினால் போவது அரை மதிப்பெண்தான்.

இப்படிப் படிப்பதற்கு நோட்டை எப்படி வைத்துக்கொள்வது? தொடங்க வேண்டிய இடம் பழைய வினாத்தாள். கேட்ட சொல்லை மட்டும் எடுக்காமல் நான்கு விடைகளையும் எடுங்கள். இன்று விடையாக வைத்த சொல் நாளை கேள்வியாக வரக்கூடும். பிறகு ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் போன்ற, கற்பவர்களுக்கென்றே எழுதிய அகராதியைத் திறக்க வேண்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி தன் மாணவர்களைப் போன்றவர்களுக்காக உருவாக்கிய அகராதி அது. பொருளோடு உதாரண வாக்கியங்களும் இருக்கும்; வசைச் சொல்லாக இருந்தால் 'டிஸ்அப்ரூவிங்' என்ற குறிப்பும் இருக்கும். ஆங்கிலம்-தமிழ் அகராதியை அதன் பிறகு பார்க்கலாம்.

ஓர் உதாரணத்தை முழுதாகச் செய்துபார்ப்போம். வினாத்தாளில் 'ரெடிசென்ட்' என்ற சொல் வந்தது. விடைகளில் 'ரிசர்வ்டு', 'ரிலக்டன்ட்', 'கேருலஸ்', 'ரீசென்ட்' இருந்தன. நோட்டில் முதலில் அகராதி வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும்: தன் சொந்த வாழ்க்கையைப் பற்றிப் பேச அவர் 'ரெடிசென்ட்' என்பதுபோல ஒன்று இருக்கும். அடுத்து, அதற்குப் பின்னால் வரும் சொல்லைக் குறிக்க வேண்டும், இங்கே 'அபௌட்'. 'ரிலக்டன்ட்' என்பதற்குப் பின்னால் 'டு' வந்து ஒரு வினை வரும்: சாட்சி சொல்ல 'ரிலக்டன்ட்', ஊரை விட்டுப் போக 'ரிலக்டன்ட்'. வித்தியாசம் இப்போது பளிச்சென்று தெரிகிறது. 'ரிலக்டன்ட்' எதையும் செய்யத் தயங்குபவர். 'ரெடிசென்ட்' வாயைத் திறக்கத் தயங்குபவர். ஆகவே சினோனிம் 'ரிசர்வ்டு'. வாய் மூடாமல் பேசும் 'கேருலஸ்' ஆன்டோனிம். 'ரீசென்ட்' வெறும் ஒலி ஒற்றுமை. கடைசி வரியில் நமக்குத் தெரிந்த ஒருவரை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்விடும் தம்பி 'ரெடிசென்ட்'. போனை எடுத்தால் வைக்காத அத்தை 'கேருலஸ்'. ஒரு கேள்வியில் நான்கு சொற்கள் முடிந்தன.

ஒரு நாளைக்கு இப்படி இரண்டு கேள்விகள் போதும். ஒரு வாரம் கழித்து, எழுதிய வாக்கியங்களில் அந்தச் சொல் இருக்கும் இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, அது என்னவென்று நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்வது எளிது. வாக்கியத்தைப் பார்த்துச் சொல்லைச் சொல்ல முடிந்தால்தான் அது நம்முடையது. பொருள் தெரிந்தும் இடத்தில் பொருந்தவில்லை என்றால், தொனியிலோ பக்கத்துச் சொல்லிலோ பிசகு இருக்கிறது என்று அறிந்து அகராதிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. தபால்தலை சேகரிப்பவரைக் குறிக்கும் 'ஃபிலாட்டலிஸ்ட்', நாணயம் சேகரிப்பவரைக் குறிக்கும் 'நியூமிஸ்மாடிஸ்ட்', விதவிதமான அச்சங்களைக் குறிக்கும் 'ஃபோபியா' சொற்கள் ஆகியவை அன்றாடச் செய்திகளில் எப்போதாவதுதான் வரும். அவை தானாகக் கண்ணில் படும் என்று காத்திருந்தால் தேர்வு முடிந்துவிடும். இவற்றுக்கு இன்னொரு பொருளும் இல்லை, தொனிச் சிக்கலும் இல்லை என்பதால் பட்டியலாகப் படிப்பதில் தவறில்லை. தேர்வுக்கு இரண்டே வாரம் இருப்பவரும் புதிதாக நோட்டுப் போடுவதைவிடப் பழைய வினாத்தாள்களில் வந்த சொற்களைத் திரும்பப் பார்ப்பதே நல்லது.

ஆறு மாதம் கையில் இருப்பவர் பட்டியலைக் கடைசி வாரத் திருப்புதலுக்கு ஒதுக்கிவைக்கலாம். அதுவரை தினமும் ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு பக்கம், பழைய வினாத்தாளில் இரண்டு கேள்விகள், நோட்டில் சொந்த வாக்கியங்கள். சட்டமன்றம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்திருப்போம்! நாளை ஆங்கிலப் பத்திரிகையில் அதே செய்தியைத் தேடிப் பாருங்கள். அங்கே 'சைனி டை' என்று இருக்கும். ஒன் வேர்டு சப்ஸ்டிட்யூட் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் சொல் அது.